கணையம் ஏன் தன்னையே செரித்துக்கொள்வதில்லை?

நாய்க்கு மணியடித்துப் பார்த்தவர் என்றுதான் இவான் பாவ்லோவை நம்மில் பலர் அறிவோம். ஆனால் 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுகளுக்காக. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்தில் 1899இல் ஒரு விநோதம் பதிவானது. நாயின் கணையக் குழாயிலிருந்து, குடல் சுவரில் படாமல், நேரடியாகச் சேகரித்த சாற்றில் உறைந்த முட்டை வெள்ளைக்கருவைப் போட்டால் அது ஏறக்குறைய அப்படியே கிடந்தது. அதே சாற்றோடு சிறுகுடல் சாற்றைக் கொஞ்சம் சேர்த்ததும் வெள்ளைக்கரு கரையத் தொடங்கியது. குடல் சாறு மட்டும் தனியாக இருந்தாலும் கரைக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடந்தது.

இதைக் கண்டறிந்தவர் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஷெப்போவால்னிகோவ். குடல் சாற்றில் இருந்த அந்தப் பொருளை ‘நொதிகளின் நொதி’ என்றார் பாவ்லோவ். உணவை அது தொடுவதில்லை. உணவைச் செரிக்கும் இன்னொரு நொதியை எழுப்பிவிடுவதுதான் அதன் வேலை.

இப்படிச் சுற்றி வளைத்து ஏன் ஓர் ஏற்பாடு? கணையமும் இறைச்சிதான். அதன் செல்கள் புரதத்தால் ஆனவை. முட்டையையும் மீனையும் பருப்பையும் துண்டாக்கும் நொதிகள் அந்தச் செல்களுக்குள்ளேயே உருவாகின்றன. உருவாகும்போதே அவை வெட்டத் தொடங்கினால் முதலில் அழிவது கணையம்தான். கல்குவாரிக்காரர்கள் வெடிமருந்தையும் அதைக் கொளுத்தும் டெட்டனேட்டரையும் ஒரே அறையில் வைக்கமாட்டார்கள். கணையமும் அப்படித்தான்: மருந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கொளுத்தும் பொருளைக் குடலிடம் விட்டுவைத்திருக்கிறது.

ஒரே உறுப்பில் இரண்டு வகைச் செல்கள்

கணையம் என்றதும் இன்சுலினும் நீரிழிவும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இன்சுலின் சுரக்கும் திட்டுகள் கணையத்தின் எடையில் நூற்றில் ஓரிரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி செரிமானச் சாறு தயாரிக்கும் இடம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் இந்த உறுப்பு ஏறக்குறைய 100 கிராம் எடைதான் இருக்கும். அது ஒரு நாளில் சுரக்கும் சாறோ சுமார் ஒன்றரை லிட்டர். தன் எடையைப் போலப் பதினைந்து மடங்கு.

இந்தச் சாற்றை இரண்டு வகைச் செல்கள் பங்கு போட்டுத் தயாரிக்கின்றன. திராட்சைக் குலை போலக் கொத்தாக அமைந்த செல்கள் நொதிகளைத் தயாரித்து, சிறு சிறு உறைகளில் அடைத்து வைத்திருக்கின்றன. அந்தக் கொத்துகளிலிருந்து கிளம்பும் நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் பைகார்பனேட் கலந்த நீரைச் சுரக்கின்றன. நாம் சமையலில் போடும் ஆப்பசோடாவில் இருப்பதும் இதே பைகார்பனேட்தான். நுண்குழாய்கள் ஒன்றுசேர்ந்து பெரிய குழாயாகி, பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரலிலிருந்து வரும் பித்தக் குழாயோடு இணைந்து, ஒரே வாசல் வழியாகச் சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடலில் திறக்கின்றன. இந்தப் பொதுவாசலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வம்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அமிலத்தை அடக்க வேண்டும்

மதியம் முட்டையும் பருப்பும் சோறும் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரைப்பை அதைக் கூழாக்கி, அமிலத்தோடு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்சிறுகுடலுக்குள் தள்ளுகிறது. பிஹெச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். அங்கே வந்த கூழின் பிஹெச் அளவு ஏறக்குறைய 4.5க்குக் கீழே இறங்கியதும், குடல் சுவரில் இருக்கும் சில செல்கள் செக்ரெடின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. இரத்தம் அதைக் கணையத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. குழாய்ச் செல்கள் பைகார்பனேட் நீரைப் பொழியத் தொடங்குகின்றன.

செக்ரெடினைக் கண்டுபிடித்த கதை மருத்துவ வரலாற்றில் பேர்பெற்றது. கணையத்துக்கு உத்தரவு போவது நரம்பு வழியாகத்தான் என்பது பாவ்லோவ் தரப்பின் கருத்து. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் 1902 ஜனவரியில் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு அதில் அமிலத்தை ஊற்றினார்கள். கணையம் அப்போதும் சுரந்தது. அப்படியென்றால் செய்தி இரத்தம் வழியாகத்தான் போக வேண்டும். உடனே குடலின் உட்சுவரைச் சுரண்டி எடுத்து, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் இரத்தக் குழாயில் செலுத்தினார்கள். கணையம் மீண்டும் சுரந்தது. ‘ஹார்மோன்’ என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெயருக்குக் காத்திருந்த முதல் பொருள் செக்ரெடின்தான் என்று சொல்லலாம். பாவ்லோவ் சொன்னதும் முழுத் தவறல்ல. சாப்பாட்டின் மணத்துக்கே கணையம் லேசாகச் சுரக்கிறது. அது நரம்பின் வேலை.

இனி ஒரு சின்னக் கணக்கு. பிஹெச் 2 உள்ள இரைப்பைநீர் 100 மில்லி லிட்டர் குடலுக்குள் வருகிறது. அந்த அளவில் ஒரு லிட்டருக்கு 10 மில்லிமோல் அமிலம் இருக்கும். 100 மில்லிக்கு 1 மில்லிமோல். மில்லிமோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அளவு. ஓர் அமிலத் துகளைத் தீர்த்துக்கட்ட ஒரு பைகார்பனேட் துகள் வேண்டும். வேகமாகச் சுரக்கும்போது கணையச் சாற்றில் லிட்டருக்கு 100 மில்லிமோலுக்கு மேல் பைகார்பனேட் இருக்கும். 140 வரைகூடப் போகும். நூறு என்றே வைத்துக்கொண்டால் வெறும் 10 மில்லி சாறு அந்த அமிலத்தை அடக்கிவிடும். மிஞ்சுவது உப்பும் தண்ணீரும் கரியமில வாயுவும். உண்மையான சாப்பாட்டில் கணக்கு இவ்வளவு எளிதாக இருக்காது. உணவிலுள்ள புரதங்கள் அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவதால் பல மடங்கு அதிகச் சாறு தேவைப்படும். அதனால்தான் நிமிடத்துக்கு ஒரு மில்லியில் நாலில் ஒரு பங்கு என்று சொட்டிக்கொண்டிருந்த கணையம், சாப்பாட்டுக்குப் பிறகு 4 மில்லி வரை சுரக்கிறது.

இரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல்தான். சாற்றில் அதைப்போல ஐந்தாறு மடங்கு சேர்வது எப்படி? குழாய்ச் செல் இரண்டு வழிகளில் பைகார்பனேட்டைத் திரட்டுகிறது. ஒன்று, இரத்தத்திலிருந்து நேரடியாக, சோடியத்தோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. மற்றொன்று, கரியமில வாயுவையும் நீரையும் சேர்த்துத் தானே தயாரித்துக்கொள்கிறது. இப்படித் தயாரிக்கும்போது ஓர் அமிலத் துகளும் உண்டாகும். அதைச் செல் இரத்தத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. இரைப்பை செய்வது இதற்கு நேர்மாறு: அமிலத்தை உணவின் பக்கமும் பைகார்பனேட்டை இரத்தத்தின் பக்கமும் விடுகிறது. ஒன்று கெடுத்ததை மற்றொன்று சரிசெய்வதால் சாப்பிட்ட பிறகும் இரத்தத்தின் சமநிலை குலைவதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கணையச் சாறு உடலுக்கு வெளியே ஒழுகிக்கொண்டே இருக்கும் நோயாளிக்கு இந்தச் சமநிலை குலைந்து, இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுவதைக் காணலாம்.

திரட்டிய பைகார்பனேட்டைக் குழாய்க்குள் விட, செல்லின் மேற்பரப்பில் ஒரு வாசல் இருக்கிறது. அது முதன்மையாகக் குளோரைடுக்கான வாசல். அந்த வழியாகவும், குளோரைடை வாங்கிக்கொண்டு பைகார்பனேட்டை வெளியே விடும் பக்கத்துப் பரிமாற்றி வழியாகவும் பைகார்பனேட் வெளியேற, சோடியமும் நீரும் அதைப் பின்தொடர்கின்றன. இந்த வாசல் பிறவியிலேயே பழுதாகிப்போனால் வருவதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய். நீரும் பைகார்பனேட்டும் வராததால் நொதிகள் கெட்டியாகிக் குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. கணையம் நாராகி, கட்டி கட்டியாகிப்போகிறது. நோயின் பெயரே கணையத்தின் அந்தத் தோற்றத்திலிருந்து வந்தது. நியூயார்க்கில் நோயியல் நிபுணர் டோரதி ஆண்டர்சன் 1938இல் இதை விரிவாக விவரித்தார்.

ஆக, பைகார்பனேட்டின் வேலை அமிலத்தை அடக்குவதோடு முடிவதில்லை. நொதிகளைக் கழுவிக் கீழே தள்ளுவதும் அதுதான். அவை குழாய்க்குள் தேங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இனி வருகிறது.

பூட்டிய நொதிகள்

இரைப்பையிலிருந்து வந்த கூழில் கொழுப்பும் பாதி செரித்த புரதமும் இருப்பதைக் குடல் சுவரின் வேறு சில செல்கள் உணர்ந்து, கோலிசிஸ்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனை அனுப்புகின்றன. பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைப் பிழிகிறது. கணையத்தின் கொத்துச் செல்கள் உறைகளைத் திறந்து நொதிகளைக் கொட்டுகின்றன.

இந்த நொதிகளில் சில வெளிவரும்போதே வேலைக்குத் தயார். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸும் கொழுப்பை உடைக்கும் லைபேஸும் அப்படிப்பட்டவை. கணையச் செல்லுக்குள் மாவுச்சத்து இல்லை; எனவே அமைலேஸால் அங்கே பெரிய கெடுதல் இல்லை. லைபேஸுக்கு ஒரு துணைப் புரதம் வேண்டும். அந்தத் துணை குடலில்தான் முழு உருவம் பெறுகிறது. புரதத்தை வெட்டும் நொதிகள்தான் ஆபத்தானவை. டிரிப்சின், கைமோடிரிப்சின், இலாஸ்டேஸ், கார்பாக்சிபெப்டிடேஸ் என்று அவற்றுக்குப் பல பெயர்கள். இவை எல்லாமே வெட்ட முடியாத முன்வடிவில்தான் கணையத்தை விட்டுக் கிளம்புகின்றன. டிரிப்சினின் முன்வடிவுக்கு டிரிப்சினோஜன் என்று பெயர்.

பூட்டு எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். எந்தப் புரதமும் அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சரம். அந்தச் சரம் மடிந்து சுருண்டு, ஒரு குறிப்பிட்ட வடிவம் எடுத்தால்தான் நொதியாக வேலை செய்யும். மனித டிரிப்சினோஜனின் ஆரம்ப முனையில் 8 அமினோ அமிலங்கள் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சின்ன வால் அறுந்தால், அடுத்து நிற்கும் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் சரத்தின் புதிய முனையாகிறது. அது உட்புறமாக மடங்கி, உள்ளே இருக்கும் ஓர் அமினோ அமிலத்தோடு பிணைந்துகொள்கிறது. அந்தப் பிணைப்பு ஏற்பட்டதும் அதுவரை தளர்ந்து கிடந்த பகுதி இறுகி, உணவுப் புரதம் வந்து பொருந்துவதற்கான பள்ளம் உருவாகிறது. வெட்டும் உறுப்புகள் எல்லாம் முன்பே இருந்தன. அவற்றுக்குச் சரியான இருப்பிடம் இப்போதுதான் கிடைக்கிறது.

அந்த வாலை அறுப்பது, ஷெப்போவால்னிகோவ் தேடிப்பிடித்த குடல் நொதி. இன்று அதற்கு என்டிரோபெப்டிடேஸ் என்று பெயர். முன்சிறுகுடல் சுவரின் செல்களில், உணவை நோக்கி நிற்கும் தூரிகை போன்ற விளிம்பில் அது பதிந்திருக்கிறது. கணையச் சாறு குடலுக்குள் கொட்டிய பிறகுதான் டிரிப்சினோஜனால் அதைச் சந்திக்க முடியும்.

இங்கே ஒரு சிக்கல் எழ வேண்டும். புரதச் சரத்தில் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களை அடுத்து வெட்டுவது டிரிப்சினின் வழக்கம். டிரிப்சினோஜனின் வால் முடியுமிடத்திலும் லைசின்தான் நிற்கிறது. அப்படியென்றால், தவறிப்போய் ஒரே ஒரு டிரிப்சின் கணையத்துக்குள் விழித்துக்கொண்டால், அது பக்கத்திலிருக்கும் டிரிப்சினோஜனை வெட்டி எழுப்ப, அது இன்னொன்றை எழுப்ப, கணத்தில் எல்லாமே விழித்துக்கொள்ளாதா?

அதற்கான தடுப்பு அந்த வாலிலேயே இருக்கிறது. லைசினுக்கு முன்னால் அஸ்பார்டிக் அமிலம் என்ற எதிர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலம் வரிசையாக நான்கு முறை வருகிறது. இந்த நான்கும் டிரிப்சினை அண்டவிடுவதில்லை. என்டிரோபெப்டிடேஸுக்கோ அதே நான்குதான் அடையாளம். அவற்றைத் தேடித்தான் அது வந்து பற்றிக்கொள்கிறது. டிரிப்சின் தானே இந்த வேலையைச் செய்யும் வேகத்தைவிட என்டிரோபெப்டிடேஸின் வேகம் ஆயிரம் மடங்குக்கும் மேல். ஒரே அமைப்பு ஒருவருக்கு வேலியாகவும் மற்றவருக்கு வாசலாகவும் இருப்பதுதான் இந்த விஷயத்தில் என்னை மிகவும் கவர்ந்தது.

குடலுக்குள் வந்த பிறகு சங்கிலி ஓடத் தொடங்குகிறது. என்டிரோபெப்டிடேஸ் கொஞ்சம் டிரிப்சினை எழுப்பிவிட்டால் போதும். அந்த டிரிப்சின் கைமோடிரிப்சினையும் இலாஸ்டேஸையும் மற்றவற்றையும் எழுப்புகிறது. லைபேஸின் துணைப் புரதத்தையும் தயார்படுத்துகிறது. ஒரு பூட்டு திறந்தால் எல்லாப் பூட்டுகளும் திறக்கும் என்பதால் அந்த முதல் பூட்டின் மேல்தான் காவல் அத்தனையும். பைகார்பனேட் இதற்குள் அமிலத்தை அடக்கியிருக்கும். அது அவசியம், டிரிப்சின் நன்றாக வேலை செய்வது பிஹெச் 8ஐ ஒட்டித்தான். லைபேஸ் இன்னும் செல்லம். பிஹெச் 4க்குக் கீழே போனால் திரும்ப வராத அளவுக்குக் கெட்டுவிடும்.

குடல் சுவரும் புரதம்தானே, அதை ஏன் இவை தின்றுவிடுவதில்லை என்று கேட்கலாம். சளிப்படலம் சுவரை மூடியிருக்கிறது. செல்களின் மேற்பரப்பில் சர்க்கரைச் சரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அதையும் மீறி அடிபடும் செல்கள் சில நாட்களில் உதிர்ந்து புதியவை வந்துவிடுகின்றன. கணையத்தின் செல்களுக்கு இந்தக் கவசங்கள் இல்லை.

உள்ளேயே விழித்துக்கொண்டால்

வேலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சில டிரிப்சினோஜன்கள் கணையத்துக்குள்ளேயே டிரிப்சினாக மாறத்தான் செய்யும். அதனால் கொத்துச் செல்கள் நொதியோடு சேர்த்து அதை முடக்கும் ஒரு சிறு புரதத்தையும் அதே உறையில் அடைத்து அனுப்புகின்றன. வெறும் 56 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தத் தடைப்புரதம் டிரிப்சினின் வெட்டும் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும். ஆனால் எல்லா டிரிப்சினோஜனும் விழித்துக்கொண்டால் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் இதனால் சமாளிக்க முடியும்.

அதற்கு அடுத்த காவல், டிரிப்சின் தன்னையே வெட்டிக்கொள்வது. சரத்தின் 122ஆம் இடத்தில் ஓர் ஆர்ஜினின் இருக்கிறது. முன்பு சொன்னபடி, ஆர்ஜினினை அடுத்து வெட்டுவது டிரிப்சினின் வழக்கம். ஒரு டிரிப்சின் இன்னொரு டிரிப்சினை அந்த இடத்தில் வெட்டிச் செயலிழக்கச் செய்துவிடும். கைமோடிரிப்சின் இனத்தைச் சேர்ந்த இன்னொரு நொதியும் வேறோர் இடத்தில் வெட்டி இந்த அழிப்புக்குத் துணை நிற்கிறது.

இந்தக் காவல் உண்மையிலேயே முக்கியமா என்பதை ஒரு குடும்ப நோய்தான் காட்டிக்கொடுத்தது. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக, சிறு வயதிலேயே கணைய அழற்சி வந்துகொண்டிருப்பதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1952இல் எழுதிவைத்தார்கள். குடியும் இல்லை, பித்தப்பைக் கல்லும் இல்லை. ஆனால் பத்து வயதை ஒட்டியே வயிற்றுவலி தொடங்கிவிடும். 1996இல் டேவிட் விட்காம்பும் அவருடைய குழுவினரும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். டிரிப்சினோஜன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிசகு. அதனால் 122ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின். டிரிப்சினுக்கு ஹிஸ்டிடினை வெட்டத் தெரியாது. தன்னை அழித்துக்கொள்ளும் வழி அடைபட்டுப்போனதால், தற்செயலாக விழித்த டிரிப்சின் விழித்தபடியே இருந்துவிடுகிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து இந்தப் பிசகு வந்தாலே போதும். இதைச் சுமப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு நோய் வருகிறது. கணையத்திலிருந்து கிளம்பும் நொதி கணையத்தையே தின்கிறது என்று ஆஸ்திரிய நோயியல் நிபுணர் ஹான்ஸ் கியாரி 1896இல் சொன்ன ஊகத்துக்கு, சரியாக நூறு ஆண்டு கழித்து மரபணுவில் சாட்சி கிடைத்தது.

தடைப்புரதத்தின் மரபணுவிலும் பிசகு உண்டு. 34ஆம் இடத்தில் வரும் ஒரு மாற்றம் நம் பகுதியோடு நெருங்கிய தொடர்புடையது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் குடிப்பழக்கமே இல்லாத இளவயதினருக்கு, கணையத்தில் கல் விழுந்து, வலியும் பிறகு நீரிழிவும் வரும் ஒரு நோய் நெடுங்காலமாக இருந்துவருகிறது. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று அதற்குப் பெயர். கேரள மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்தவர். மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அந்தக் கருத்துக்கு இப்போது வலு குறைந்துவிட்டது. இந்த நோயாளிகளிடம் தடைப்புரத மாற்றம் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதை 2002இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் நூறு பேரில் ஓரிருவர் இதே மாற்றத்தைச் சுமந்துகொண்டு ஆயுள் முழுவதும் சுகமாக இருக்கிறார்கள். இது மட்டும் நோயைக் கொண்டுவராது. வேறு காரணங்கள் சேரும்போது தராசைச் சாய்க்கிறது.

பரம்பரைப் பிசகு எதுவும் இல்லாதவர்களுக்குத் திடீர்க் கணைய அழற்சி வர இரண்டு பெரிய காரணங்கள்: பித்தப்பைக் கல்லும் மதுவும். பித்தப்பையிலிருந்து நழுவிய சின்னக் கல் ஒன்று, முன்பு சொன்ன பொதுவாசலில் போய் அடைத்துக்கொள்கிறது. கணையச் சாற்றுக்கு வெளியேற வழியில்லை. அழுத்தம் ஏறுகிறது. கொத்துச் செல்லுக்குள் நொதி உறைகள், செல்லின் குப்பையை அழிக்கும் வேறு உறைகளோடு கலந்துவிடுகின்றன. அந்தக் குப்பை உறைகளில் இருக்கும் கதெப்சின் பி என்ற நொதியும் டிரிப்சினோஜனின் வாலை அறுக்க வல்லது. இப்படிக் குடலின் அனுமதி இல்லாமலே பூட்டு திறந்துவிடுகிறது.

நோயாளிக்கு இது மேல்வயிற்றில் திடீரென்று எழுந்து முதுகுக்குப் பரவும் கடும் வலியாகத் தெரியும். வாந்தியும் கூடவே வரும். வாயுத்தொல்லை என்று சொல்லிச் சோடா குடித்து இரவைக் கடத்துபவர்கள் உண்டு, அது கூடாது. மருத்துவமனையில் இரத்தத்தில் லைபேஸ் அளவைப் பார்ப்பார்கள். குடலுக்குப் போக வேண்டிய நொதி, சிதைந்த செல்களிலிருந்து இரத்தத்துக்குள் கசிவதால் அது ஏறும். இயல்பான உச்ச அளவைப்போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வலியும் மேலே சொன்னபடி இருந்தால் நோய் உறுதி. அமைலேஸும் ஏறும், ஆனால் சில நாட்களிலேயே இறங்கிவிடும். லைபேஸ் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும் என்பதால் தாமதமாக வந்தவர்களிடமும் பிடிபடும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்: லைபேஸ் அளவு எவ்வளவு உயரமோ நோய் அவ்வளவு கடுமை என்று பொருளல்ல. ஐயாயிரம் காட்டியவர் நான்கு நாளில் வீடு திரும்புவதும், ஆயிரம் காட்டியவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பதும் நடக்கும்.

டிரிப்சினை முடக்கும் மருந்தைக் கொடுத்தால் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். அப்ரோடினின் என்ற மருந்தை வைத்து அதைச் செய்து பார்த்தார்கள். பெரிய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. நோயாளி மருத்துவமனைக்கு வருவதற்குள் டிரிப்சின் தன் வேலையை முடித்துவிடுகிறது. அதன் பிறகு உடலின் அழற்சி தன் போக்கில் ஓடுகிறது. கணையத்துக்குள் விழிக்கும் முக்கியமான டிரிப்சினோஜனை நீக்கிவிட்ட எலிகளுக்கும்கூட அழற்சி வரவே செய்தது. எனவே டிரிப்சின் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்று யாரும் சொல்வதில்லை.

பூட்டு திறக்காமலே போனால்

எதிர்ப்பக்கத்திலும் ஒரு நோய் இருக்கிறது. மிக அரிதாகச் சில குழந்தைகள் என்டிரோபெப்டிடேஸ் இல்லாமலே பிறக்கிறார்கள். கணையம் நன்றாக இருக்கும், சாறும் சுரக்கும், ஆனால் குடலில் யாரும் வாலை அறுப்பதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை, இரத்தத்தில் புரதம் குறைந்து உடல் வீங்குதல் என்று வரும். இதை 1969இல் முதலில் விவரித்த மருத்துவர்கள், குழந்தையின் முன்சிறுகுடல் சாற்றை எடுத்து அதில் டிரிப்சின் வேலை நடக்கவில்லை என்று கண்டார்கள். பிறகு அதே சாற்றில் என்டிரோபெப்டிடேஸைச் சேர்த்தார்கள், டிரிப்சின் விழித்துக்கொண்டது. ஷெப்போவால்னிகோவ் எழுபது ஆண்டுகளுக்கு முன் நாயின் சாற்றில் செய்த சோதனையேதான், இப்போது ஒரு குழந்தையின் நோயைக் கண்டுபிடிப்பதற்காக.

சிகிச்சை, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகள். அவற்றில் டிரிப்சின் ஏற்கெனவே விழித்த நிலையில் இருக்கிறது. அது குடலுக்குப் போய்க் குழந்தையின் சொந்த நொதிகளையும் எழுப்பிவிடும்.

இதே நொதிகள்தான், நீண்டகால அழற்சியாலோ சிஸ்டிக் ஃபைப்ரோசிஸாலோ கணையம் செயலிழந்தவர்களுக்கும் மாத்திரை உறைகளில் கிடைக்கின்றன. கணையத்தின் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்வரை பெரும்பாலும் எதுவும் வெளியே தெரியாது. அவ்வளவு கையிருப்பு வைத்துக்கொண்டுதான் அது வேலை செய்கிறது. இறங்கிய பிறகு மலம் வெளிறி, எண்ணெய் மிதந்து, நாற்றத்தோடு கழிப்பறைக் கோப்பையில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது. மலத்தில் இலாஸ்டேஸ் அளவைப் பார்த்து இதை உறுதிசெய்வார்கள். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகம், 100க்குக் கீழே என்றால் ஏறக்குறைய உறுதி. வயிற்றுப்போக்கில் மலம் நீர்த்துப்போயிருந்தால் இந்த அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.

இந்த மாத்திரைகளை விழுங்குவதிலும் மேலே பார்த்த வேதியியல்தான். உறைக்குள் இருக்கும் சிறு மணிகளுக்கு, அமிலத்தில் கரையாத பூச்சு உண்டு. மணிகளை மென்றுவிட்டால் பூச்சு உடைந்து, லைபேஸ் இரைப்பையிலேயே கெட்டுவிடும், வாயும் புண்ணாகும். வெறும் வயிற்றில் போட்டாலும் பயனில்லை. நொதி உணவோடு சேர்ந்துதான் குடலுக்குள் இறங்க வேண்டும். அதனால் முதல் கவளத்தோடு தொடங்கி, சாப்பாட்டின் ஊடே மீதியை விழுங்கச் சொல்கிறார்கள். சரியாக விழுங்கியும் எண்ணெய் மலம் நிற்கவில்லை என்றால், மருத்துவர் சில நேரம் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்தைக் கூடவே எழுதித் தருவார். பழுதான கணையத்திலிருந்து நொதி மட்டுமா வராமல் போகிறது? பைகார்பனேட்டும் வருவதில்லை. முன்சிறுகுடல் அமிலமாகவே கிடந்தால் அந்தப் பூச்சு அங்கேயும் கரையாது.